வெட்டுவதற்கு முன் எழுதுங்கள்

திருப்பூரில் துணி வந்து இறங்கும் நேரம் பெரும்பாலும் அவசர நேரமாகவே இருக்கும். கட்டிங் மேசை காத்துக்கிடக்கும். டெலிவரி தேதி நெருங்கியிருக்கும். வண்டிக்காரர் அடுத்த கம்பெனிக்குப் போக வேண்டும் என்று நிற்பார். ரோல்களை எண்ணி, டி.சி.யில் கையெழுத்துப் போட்டு, வண்டியை அனுப்பிவிடுவார்கள். பில்லில் விலை கூடுதலாக இருக்கிறது என்பதும், எடை குறைகிறது என்பதும், சில ரோல்கள் கேட்ட தரத்தில் இல்லை என்பதும் நாலைந்து நாள் கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் பாதித் துணி வெட்டியாகியிருக்கும்.

அதன் பிறகு போன் பேச்சு தொடங்கும். வாங்கியவர் வருத்தப்படுவார், கொடுத்தவர் சமாதானம் சொல்வார், கடைசியில் "அடுத்த பில்லில் பார்த்துக்கலாம்" என்று முடிப்பார்கள். அடுத்த பில் வரும்போது அதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. மார்ச் மாதம் இரு தரப்பும் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும்போது சில ஆயிரங்கள் இடிக்கும். அது எந்தப் பில்லின் சச்சரவு என்பதே அப்போது இருவருக்கும் மறந்துபோயிருக்கும்.

கேட்டது ஒன்று, வந்தது வேறு என்னும்போது அதைச் சப்ளையரிடம் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. வித்தியாசங்களைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய சான்றைக் காட்ட வேண்டும். இன்னது வேண்டும், இத்தனை ரூபாய் என்று எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். கீழே வருவது விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட கணக்கு. ஆனால் அதில் வரும் குளறுபடிகள் தொழிலில் அன்றாடம் நடப்பவை.

ஆர்டர் சொன்னதும் பில் சொன்னதும்

ஒரு சிறிய கம்பெனி டி-சர்ட் தைப்பதற்காகப் பின்னலாடைத் துணிக்கு ஆர்டர் கொடுக்கிறது. பர்ச்சேஸ் ஆர்டரில் இருப்பது இவ்வளவுதான்: சிங்கிள் ஜெர்சி துணி, நேவி புளூ, 180 ஜி.எஸ்.எம்., ஐந்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், நிகர எடை 500 கிலோ, கிலோ 420 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி.

வந்தது 20 ரோல். பில்லில் ரோலுக்கு 25 கிலோ வீதம் 500 கிலோ, கிலோ 435 ரூபாய். துணியின் மதிப்பு 2,17,500 ரூபாய், ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. 10,875 ரூபாய், மொத்தம் 2,28,375 ரூபாய். ஆர்டரையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே கிலோவுக்கு 15 ரூபாய் கூடியிருப்பது தெரிந்துவிடும். இதற்குத் தராசு வேண்டாம், துணியைப் பிரிக்கவும் வேண்டாம். இருந்தும் பல கம்பெனிகளில் ஆர்டர் ஒருவர் மேசையிலும் பில் இன்னொருவர் மேசையிலும் இருப்பதால் இந்த ஒப்பீடு நடப்பதே இல்லை.

விலை ஏன் கூடியது என்று கேட்டால், "நூல் விலை ஏறிப்போச்சுங்க" என்று பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கலாம். நூற்பாலைகள் மாதாமாதம் விலையை மாற்றி அறிவிப்பது திருப்பூருக்குப் பழகிய விஷயம்தான். ஆனால் ஆர்டரில் 420 என்று எழுதி, அதைச் சப்ளையரும் ஏற்றுக்கொண்ட பிறகு, விலையை மாற்ற இருவரும் ஒப்ப வேண்டும். சரக்கு அனுப்புவதற்கு முன்பே "435 ஆகும்" என்று அவர் வாட்ஸ்அப்பில் கேட்டு, நீங்கள் "சரிங்க" என்று போட்டிருந்தால் அந்தச் செய்திதான் புதிய விலை. அப்படி எதுவும் இல்லையென்றால் ஆர்டரில் உள்ள விலையே செல்லும். எனவே புகார் எழுதுவதற்கு முன் கம்பெனியில் வேறு யாராவது போனிலோ செய்தியிலோ ஒப்புக்கொண்டிருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

எட்டு கிலோ எங்கே போனது?

அடுத்தது எடை. 20 ரோலையும் தராசில் வைத்தால் 500 கிலோ சரியாக வருகிறது. பில்லும் ஒத்துப்போகிறது. ஆனால் துணி சுற்றியிருக்கும் அட்டைப் பைப்பை உருவி எடைபோட்டால் ஒவ்வொன்றும் 400 கிராம். இருபது பைப்புக்கு எட்டு கிலோ. ஆக, துணி 492 கிலோதான் வந்திருக்கிறது. எட்டு கிலோ அட்டைக்குத் துணி விலையில் பில் போட்டிருக்கிறார்கள்.

இதில் யாரும் திருடவில்லை. அங்கே எடைபோட்டவர் ரோலை அப்படியே தராசில் ஏற்றி, வந்த எண்ணை எழுதிக்கொண்டார். எடை இடிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: அவர்கள் எதைச் சேர்த்து எடைபோட்டார்கள், நாம் எதைச் சேர்த்துப் போட்டோம்? ஆர்டரில் "நிகர எடை" என்ற இரண்டு சொற்கள் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. அவை இல்லையென்றால், "எங்கள் வழக்கமே பைப்போடுதான்" என்று அவர் சொல்வதற்கு இடமிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பருத்தி ஈரத்தை இழுக்கும். காற்றில் ஈரம் கூடினால் துணியின் எடையும் கொஞ்சம் கூடும், வெயிலில் கிடந்தால் குறையும். எனவே அரை சதவீத வித்தியாசத்துக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் மரியாதைதான் போகும். பைப்பைப் போலக் கண்ணால் காட்டக்கூடிய காரணம் இருந்தால் மட்டும் எட்டு கிலோவையும் முழுதாகக் கேட்கலாம். புகாரோடு ரோல் வாரியான எடைப் பட்டியலும், பைப்பைத் தராசில் வைத்து எடுத்த படமும் போனால் சப்ளையர் மறுப்பது கடினம்.

கனமாக வந்தால் நல்லதுதானே?

மூன்றாவதுதான் சிக்கலானது. 20 ரோலில் 4 ரோல் கைக்கே தடிப்பாகத் தெரிகிறது. சப்ளையருக்குப் போன் போகிறது.

"அண்ணா, நாலு ரோல் ஜி.எஸ்.எம். கூட வந்திருக்குங்க."

"கனமா வந்தா உங்களுக்கு நல்லதுதானுங்களே? மட்டமாவா குடுத்திருக்கோம்?"

கேட்பதற்கு நியாயமாகப்படும். ஆனால் துணியை வாங்குவது கிலோவில், டி-சர்ட்டை விற்பது எண்ணிக்கையில். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 180 ஜி.எஸ்.எம். துணி ஒரு கிலோ வாங்கினால் சுமார் ஐந்தரைச் சதுர மீட்டர் கிடைக்கும். 200 ஜி.எஸ்.எம். என்றால் ஐந்து சதுர மீட்டர்தான். அந்த நாலு ரோலும் சேர்ந்து 98 கிலோ என்று வைத்துக்கொண்டால், 544 சதுர மீட்டர் வரவேண்டிய இடத்தில் 490தான் வரும். 54 சதுர மீட்டர் துணி குறைகிறது. ஒரு டி-சர்ட்டுக்கு வீணையும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் என்றால், நாற்பதுக்கு மேற்பட்ட டி-சர்ட்டுக்கான துணி போய்விட்டது. ஒரே பெட்டியில் சில சட்டை மெல்லியதாகவும் சில தடிப்பாகவும் இருந்தால் சட்டையை வாங்குபவர் திருப்பி அனுப்புவது தனிக் கதை.

இதைக் கைத்தொட்டுச் சொல்லக் கூடாது, அளந்து சொல்ல வேண்டும். திருப்பூரில் துணி வாங்கும் பெரும்பாலான இடங்களில் ஜி.எஸ்.எம். கட்டர் இருக்கும். வட்டமான அந்தக் கருவியைத் துணியின் மேல் வைத்து அழுத்தித் திருப்பினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்று வெட்டி வரும். அதைச் சிறிய மின் தராசில் வைக்க வேண்டும். 1.80 கிராம் என்று காட்டினால் 180 ஜி.எஸ்.எம்., 2.00 கிராம் என்றால் 200. நூறால் பெருக்கினால் போதும். துணியின் ஓரத்தில் வெட்டக் கூடாது, ஓரம் இறுகியிருக்கும். ரோலைப் பிரித்துச் சற்று நேரம் தளரவிட்டு, வெவ்வேறு இடங்களில் ஐந்து வட்டம் வெட்டிச் சராசரி எடுக்க வேண்டும். வெட்டிய வட்டங்களில் ரோல் எண்ணை எழுதி ஒரு கவரில் போட்டுவைத்தால், சப்ளையர் நேரில் வரும்போது அவர் கண்முன்னே திரும்ப எடைபோட்டுக் காட்டலாம்.

ஆர்டரில் ஐந்து சதவீதம் கூடக்குறைய என்று இருப்பதால் 171 முதல் 189 வரை ஏற்க வேண்டியதுதான். 16 ரோல் அதற்குள் இருக்கிறது. அதில் ஒரு ரோல் 187 என்றாலும் அதைப் பற்றி ஒரு சொல் எழுதக் கூடாது. 200 என்று வந்த நாலு ரோல் மட்டும்தான் வெளியே. இந்த எல்லை ஆர்டரில் இல்லாமல் வெறும் "180 ஜி.எஸ்.எம்." என்று இருந்தால், எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பதிலேயே பாதிச் சண்டை போய்விடும்.

கத்தரி பட்டால் பேச்சு மாறும்

பல துணிக் கம்பெனிகளின் பில்லில் அடியில் ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள்: வெட்டிய துணிக்குப் புகார் ஏற்கப்படாது. இதைச் சப்ளையரின் தந்திரம் என்று நினைக்க வேண்டாம், சட்டமும் ஏறக்குறைய அந்தப் பக்கமே நிற்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்கியவருக்குச் சரக்கைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். ஆனால் சரக்கு இனி விற்றவருடையது அல்ல என்பதுபோல் அவர் நடந்துகொண்டால் அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். துணியை வெட்டுவது அப்படிப்பட்ட செயல். அதன் பிறகு திருப்பி அனுப்பும் உரிமை போய்விடும். குறைக்கு ஈடு கேட்கலாம், விலையில் கழிக்கச் சொல்லலாம், அவ்வளவுதான்.

வெட்டாமல் வைத்திருந்தால் நிலைமை வேறு. கேட்ட சரக்கோடு வேறு வகைச் சரக்கும் கலந்து வந்தால், கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறுக்கலாம், அல்லது முழுவதையும் மறுக்கலாம் என்கிறது அதே சட்டத்தின் 37ஆம் பிரிவு. அளவு குறைந்து வந்தாலும் மறுக்கலாம். எடுத்துக்கொண்டால், எடுத்த அளவுக்கு ஒப்பந்த விலையைக் கொடுக்க வேண்டும். வேறு ஏற்பாடு இல்லாதவரை, மறுத்த சரக்கைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு வாங்கியவருக்கு இல்லை. மறுக்கிறேன் என்று தெரிவித்தால் போதும். ஆனால் அந்த நாலு ரோலையும் நனையாமல், அழுக்காகாமல், "நிறுத்திவைக்கப்பட்டது" என்று சீட்டு ஒட்டித் தனியே வைத்திருப்பதுதான் முறை.

இறக்கும்போதே செய்ய வேண்டிய சிறு காரியமும் உண்டு. டி.சி.யில் வெறும் கையெழுத்து மட்டும் போடாமல், "20 ரோல் பெறப்பட்டது, எடையும் தரமும் சரிபார்ப்புக்கு உட்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். வண்டிக்காரர் கொண்டுபோகும் பிரதியிலும் அதே வரி இருக்க வேண்டும்.

பதினைந்து நாள் கணக்கு

சப்ளையர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் இன்னொரு கெடுவும் சேர்ந்துகொள்கிறது. 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி அவருக்குப் பணம் கொடுக்க அதிகபட்சம் 45 நாள்தான். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் அது 15 நாளாகக் குறைந்துவிடும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும்.

இந்த நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதில்தான் புகார்க் கடிதம் வருகிறது. சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்திருந்தால், சப்ளையர் அந்தக் குறையைத் தீர்த்த நாளிலிருந்துதான் நாள் ஓடும். எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் சரக்கு வந்த நாளிலேயே நீங்கள் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். நாலு முறை போனில் சண்டை போட்டது இங்கே கணக்கில் வராது. எனவே 15 நாளுக்குள் எழுத்தில் போயாக வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் தேதி தானாகப் பதிவாகிவிடும்.

இரண்டு முறை கழிக்காமல் கழிப்பது

கேட்க வேண்டிய தொகையைப் போடுவதில்தான் பலரும் இடறுகிறார்கள். விலை வித்தியாசம் 15 ரூபாயை 500 கிலோவுக்கும் போட்டு 7,500 என்று எழுதி, எட்டு கிலோ குறைவை 435 ரூபாயில் கழித்து, 98 கிலோவையும் 435 ரூபாயில் கழிப்பார்கள். அப்படிச் செய்தால் 106 கிலோவுக்கு 15 ரூபாய் இரண்டு முறை கழிகிறது. 1,590 ரூபாயும் அதற்குரிய வரியும் அதிகமாகக் கேட்டிருக்கிறோம். சப்ளையரின் கணக்காளர் இதைக் கண்டுபிடித்துவிட்டால், மற்ற இரண்டு நியாயமான புகாரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

சரியான வரிசை இது. முதலில் வராத சரக்கை எடுத்துவிட வேண்டும்: 8 கிலோ, பில் விலை 435 வீதம் 3,480 ரூபாய். அடுத்து மறுக்கும் சரக்கு: 98 கிலோ, அதே 435 வீதம் 42,630 ரூபாய். மீதி இருப்பது 394 கிலோ. விலை வித்தியாசம் அதற்கு மட்டும்தான்: கிலோவுக்கு 15 வீதம் 5,910 ரூபாய். மூன்றும் சேர்ந்து 52,020. ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. 2,601. கேட்க வேண்டிய மொத்தம் 54,621 ரூபாய்.

இதை மறுபக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம். நாம் வைத்துக்கொள்ளும் 394 கிலோவை ஆர்டர் விலை 420ஆல் பெருக்கினால் 1,65,480. வரி 8,274. கொடுக்க வேண்டியது 1,73,754. பில் தொகை 2,28,375இலிருந்து 54,621ஐக் கழித்தாலும் அதே 1,73,754 வருகிறது. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால்தான் கடிதத்தை அனுப்ப வேண்டும்.

கடிதம் இப்படி இருக்கலாம்

கோபத்தில் எழுதும் கடிதத்தில் எண் குறைந்து சொல் கூடிவிடும். படிக்கப்போவது முதலாளி மட்டும் அல்ல, அவருடைய கணக்காளரும் எடைபோடும் பையனும்கூடத்தான். அவர்களுக்கு வேண்டியது எந்தப் பில், எந்த ரோல், எவ்வளவு என்பதுதான்.

> பொருள்: எங்கள் ஆர்டர் எண் 118, உங்கள் பில் எண் 642 – வித்தியாசங்கள் குறித்து
>
> ஐயா, வணக்கம்.
>
> மேற்கண்ட பில்லுக்குரிய 20 ரோல் துணி 4ஆம் தேதி வந்து சேர்ந்தது. சரிபார்த்ததில் ஆர்டருக்கும் வந்த சரக்குக்கும் கீழ்க்கண்ட வித்தியாசங்கள் உள்ளன.
>
> 1. எடை: பில்லில் 500 கிலோ. அட்டைப் பைப் நீக்கிய நிகர எடை 492 கிலோ. குறைவு 8 கிலோ. ரோல் வாரியான எடைப் பட்டியல் இணைப்பில் உள்ளது.
>
> 2. தரம்: 7, 11, 12, 18 எண் ரோல்கள் (நிகர எடை 98 கிலோ) சராசரி 200 ஜி.எஸ்.எம். உள்ளன. ஆர்டரின்படி அனுமதி 171 முதல் 189 வரை. இந்த 4 ரோலையும் நாங்கள் ஏற்கவில்லை. வெட்டாமல் தனியே வைத்துள்ளோம்.
>
> 3. விலை: ஆர்டரில் கிலோ 420 ரூபாய். பில்லில் 435 ரூபாய். விலை மாற்றத்துக்கு நாங்கள் ஒப்புதல் தரவில்லை.
>
> இவற்றுக்காக வரி நீங்கலாக 52,020 ரூபாய், ஜி.எஸ்.டி. 2,601 ரூபாய், மொத்தம் 54,621 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். கணக்கு விவரம் இணைப்பில் உள்ளது.
>
> 4 ரோலுக்குப் பதிலாக 180 ஜி.எஸ்.எம். துணி 98 கிலோவை 14ஆம் தேதிக்குள் அனுப்ப இயலுமானால், ஆர்டர் விலையில் தனிப் பில்லுடன் பெற்றுக்கொள்கிறோம். இயலாவிட்டால் 9ஆம் தேதிக்குள் தெரிவிக்கவும். வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம்.
>
> ரோல்களை நேரில் பார்க்க விரும்பினால் எந்த வேலை நாளிலும் வரலாம். ஏற்றுக்கொண்ட 394 கிலோவுக்கான 1,73,754 ரூபாய் வழக்கமான தவணையில் வந்து சேரும்.

"தரமற்ற துணி", "ஏமாற்று வேலை" போன்ற சொற்கள் இதில் எங்கும் இல்லை. அவை இருந்தால் சப்ளையர் பதில் சொல்லப்போவது அந்தச் சொற்களுக்குத்தான், எட்டு கிலோவுக்கு அல்ல. கடைசி வரிக்கும் ஒரு காரணம் உண்டு. சச்சரவில் இல்லாத தொகையையும் சேர்த்து நிறுத்திவைப்பது பலரின் வழக்கம். அப்படிச் செய்தால் புகார் செய்பவர் பணத்தை இழுத்தடிக்கச் சாக்குத் தேடுகிறார் என்று சப்ளையர் சொல்லிவிடலாம். ஏற்ற சரக்குக்கு ஒழுங்காகப் பணம் கொடுத்துவிட்டால் அந்த வாதத்துக்கு இடமே இல்லை.

கிரெடிட் நோட் ஏன் வேண்டும்?

"எதுக்குங்க பேப்பர்? ஐம்பத்து நாலாயிரத்தைக் கழிச்சிட்டு மீதியைப் போட்டுவிடுங்க" என்று சப்ளையர் பெருந்தன்மையோடு சொல்லலாம். ஜி.எஸ்.டி. வந்த பிறகு அது போதாது. அவருடைய பில் ஏற்கெனவே இணையதளத்தில் ஏறிவிட்டது. அதன்படி 10,875 ரூபாய் வரியை அவர் கட்டுகிறார், அதே தொகை உங்கள் கணக்கில் இன்புட்டாகத் தெரிகிறது. வராத சரக்குக்கு இன்புட் எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. இந்தக் கணக்கில் உங்களுக்கு உரியது 8,274 ரூபாய்தான். மீதி 2,601ஐ இரு பக்கமும் நேர்செய்வது கிரெடிட் நோட்தான்.

பழைய பில்லைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்வதும் ஒத்துவராது. சரக்கு அந்தப் பில்லோடும் இ-வே பில்லோடும் வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த பில்லில் விலையைக் குறைத்துப் போட்டுச் சரிக்கட்டினால் அந்தப் பில்லும் பொய்யாகிவிடும்.

இங்கே ஒரு குழப்பமும் தீர வேண்டும். வாங்கியவர் தன் பக்கத்திலிருந்து டெபிட் நோட் அனுப்புவது தொழிலில் பழைய வழக்கம். "உங்கள் கணக்கில் இவ்வளவு பற்று வைத்திருக்கிறோம்" என்று தெரிவிக்க அது பயன்படும், அனுப்பலாம். ஆனால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி வரியைக் குறைக்கும் கிரெடிட் நோட்டைத் தர வேண்டியவர் சரக்கை விற்றவர்தான். நீங்கள் அனுப்பிய டெபிட் நோட்டை வைத்துக்கொண்டு அவர் தன் வரியைக் குறைக்க முடியாது. டெபிட் நோட் அனுப்பியாகிவிட்டது, வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

இதற்கும் காலக்கெடு உண்டு. பில் எந்த நிதியாண்டைச் சேர்ந்ததோ, அந்த ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள், அல்லது சப்ளையர் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியோ அதற்குள் கிரெடிட் நோட் அவருடைய ரிட்டர்னில் ஏற வேண்டும். கையில் வந்ததும் அதில் பழைய பில்லின் எண்ணும் தேதியும் சரியாக இருக்கின்றனவா, வரி தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்பு ஜி.எஸ்.டி. தளத்தில் உங்கள் 2பி அறிக்கையில் அது தெரிகிறதா என்று பார்த்து, முன்பே முழு இன்புட்டையும் எடுத்திருந்தால் அந்த 2,601ஐத் திருப்பிவிட வேண்டும். நீங்கள் திருப்பினால்தான் அவருடைய வரி குறையும். நாலு ரோல் திரும்பிப் போகும்போது டெலிவரி சலானில் பழைய பில் எண்ணையும் ரோல் எண்களையும் எழுதி அனுப்புங்கள்.

அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால்

விலையையும் எடையையும் பற்றிய சச்சரவு பெரும்பாலும் ஆர்டரைக் காட்டியதும் அடங்கிவிடும். ஜி.எஸ்.எம். விஷயத்தில் "உங்க கட்டர் சரியில்லை" என்று சொல்ல அவருக்கு இடமிருக்கிறது. கட்டரின் பிளேடு மழுங்கியிருந்தால் அளவு பிசகும் என்பதும் உண்மைதான். அப்போது இருவரும் சேர்ந்து ஒரே ரோலிலிருந்து துணி எடுத்து, இருவரும் கையெழுத்திட்டு, வெளிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது நல்ல வழி. கோயம்புத்தூரில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவில் துணிப் பரிசோதனை செய்கிறார்கள். யார் பக்கம் தவறோ அவர் கட்டணத்தை ஏற்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

நடுவழியும் உண்டு. அந்த நாலு ரோலும் வேறொரு ஆர்டருக்கு உதவும் என்றால், குறையும் துணிக்கு ஏற்ப விலையைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். 200 ஜி.எஸ்.எம். துணியில் பத்து சதவீதம் பரப்பளவு குறைவதால், 420 ரூபாய்க்குப் பதில் 378 என்று கேட்பது நியாயமான தொடக்கம். அதையும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே கத்தரியை எடுக்க வேண்டும்.

வித்தியாசம் நமக்குச் சாதகமாக இருந்தாலும் எழுத வேண்டியது எழுதத்தான் வேண்டும். 21 ரோல் வந்து பில்லில் 20 என்று இருந்தால், 420க்குப் பதில் 402 என்று தவறாகப் போட்டிருந்தால், அதே நாளில் அதே முறையில் தெரிவியுங்கள். சப்ளையர் டெபிட் நோட் போட்டு அதைச் சரிசெய்துகொள்வார். ஒருமுறை அப்படி எழுதிய கம்பெனியிலிருந்து அடுத்த முறை "8 கிலோ குறைகிறது" என்று கடிதம் போனால் அங்கே யாரும் தராசைத் தேடப் போவதில்லை.

அடுத்த ஆர்டர் எழுதும்போது மூன்று வரி சேர்த்துவிடுங்கள்: எடை என்றால் பைப் நீங்கிய நிகர எடை, ஜி.எஸ்.எம். இவ்வளவு, கூடக்குறைய இவ்வளவு. எழுத்து ஒப்புதல் இல்லாமல் விலை மாறாது. சரக்கு இறங்கிய அன்றே ஆர்டரையும் பில்லையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள், மறுநாளைக்குள் எடையும் ஜி.எஸ்.எம்.மும் எடுங்கள், குறை இருந்தால் கத்தரி படுவதற்கு முன் எழுதுங்கள். பதினைந்து நாள் தாண்டிய பிறகு எவ்வளவு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அந்தத் துணியை ஏற்றுக்கொண்டவர்தான்.